போனில் கிளவுட் கேமிங்: தாமதம் சேரும் இடங்கள்

"வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. போனில் கிளவுட் கேமிங் சந்தா எடுத்திருக்கிறேன். படுக்கையறையில் வேகச் சோதனை செய்தால் 40 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனாலும் பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மங்கித் தெளிகிறது. பிட்ரேட் அதிகபட்சமான 50-இல் இருக்கிறது. வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், கண்ட்ரோலரும் இயர்போனும் புளூடூத். எதை மாற்ற வேண்டும்?"

முதலில் மாற்ற வேண்டியது வைஃபை அலைவரிசை. அடுத்தது பிட்ரேட், அதாவது படத்துக்காக நொடிக்கு வரும் தகவலின் அளவு. அதற்கடுத்தது கண்ட்ரோலர். இந்த வரிசை முக்கியம். வைஃபை சரியாகாமல் மற்ற இரண்டைத் தொட்டால், எந்த மாற்றம் பலன் தந்தது என்பதே தெரியாமல் போகும்.

உங்கள் ஃபைபர் இணைப்பின் மேல் பழி இல்லை. 1080பி அளவில் நொடிக்கு 60 பிரேம் வாங்க ஜிஃபோர்ஸ் நவ் சேவை கேட்பது 25 எம்பிபிஎஸ் மட்டுமே. அதைப்போல நான்கு மடங்கு உங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது. இணைய வழித் தாமதத்தில் உங்களால் குறைக்க முடியாத பங்கு, விளையாட்டை ஓட்டிப் படத்தை அனுப்பும் சர்வர் இருக்கும் தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர் என்பதால், போய் வர 10 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் வளைந்து வரும் பாதையையும் வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் 20 முதல் 30 ஆகும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கணக்கே 29-இல்தான் தொடங்கும். அதே சேவை 80 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் ஆடலாம் என்றும், 40-க்குள் இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. ஆகவே சேவையின் அமைப்புப் பக்கத்தில் எந்த சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தானியங்கித் தேர்வு சில நேரம் தொலைவில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் உங்களால் குறைக்க முடிவது பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கும் கைக்கும் இடையில் நடப்பது.

அந்த மிச்சத்தை அளந்துவிடலாம். வேகச் சோதனை இதற்கு உதவாது. பல நொடிகளில் எவ்வளவு தகவல் வந்தது என்ற சராசரியைத்தான் அது சொல்லும். விளையாட்டுக்கு வேண்டியதோ ஒவ்வொரு 16.7 மில்லிசெகண்டுக்கும் ஒரு பிரேம், தவறாமல். நடுவில் 100 மில்லிசெகண்ட் எதுவும் வராமல் நின்று, பிறகு மொத்தமாகக் கொட்டினாலும் வேகச் சோதனை 40 என்றே காட்டும். ஆட்டத்தில் அந்த இடைவெளிக்குள் ஆறு பிரேம்கள் போய்விட்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் கட்டளைகளைத் தட்டி இயக்க உதவும் டெர்மக்ஸ் செயலியை நிறுவி, வைஃபை விவரப் பக்கத்தில் கேட்வே என்று காட்டும் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். பிறகு இதைத் தட்டுங்கள்:

```
ping -i 0.2 -c 300 192.168.1.1
```

இது நொடிக்கு ஐந்து முறை வீதம் ரவுட்டருக்குச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று ஒரு நிமிடம் அளக்கும். ஓடவிட்டு உடனே விளையாட்டுக்குப் போய் ஆடுங்கள். சும்மா இருக்கும் போனில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. பேட்டரியைச் சேமிக்க வைஃபை சிப் இடையிடையே உறங்கும், ரவுட்டர் அனுப்பும் அறிவிப்புக்காக அவ்வப்போது மட்டும் விழிக்கும். அந்த அறிவிப்புகளுக்கு இடையே வழக்கமாக 102 மில்லிசெகண்ட் இருக்கும். ஆகவே சும்மா இருக்கும் போன் 80, 100 என்று பயமுறுத்தும் எண்களைக் காட்டும். அவை விளையாட்டு நேரத்தின் எண்கள் அல்ல. ஸ்ட்ரீம் ஓடும்போது சிப் உறங்குவதில்லை, அப்போது வருவதுதான் உண்மையான நிலவரம்.

முடிவில் `rtt min/avg/max/mdev` என்று ஒரு வரி வரும். எல்லோரும் இரண்டாவது எண்ணான சராசரியைப் பார்ப்பார்கள். நீங்கள் மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள், அதாவது மிக மோசமான தருணத்தையும் எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்பதையும். நல்ல 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பில் சராசரி 2 முதல் 5, உச்சம் 15-க்குள் அடங்கும். உங்கள் நிலையில் சராசரி 8 என்று நல்ல பிள்ளையாக இருந்து, உச்சம் 100-ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறேன். சராசரி 12 ஆக இருந்து ஆடாமல் நிற்கும் இணைப்பை, சராசரி 5 ஆக இருந்து அவ்வப்போது 120-க்குத் தாவும் இணைப்பைவிட உயர்வாகவே நான் மதிப்பேன். மாறாத தாமதத்துக்கு விரல் பழகிக்கொள்ளும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்குப் பழக முடியாது.

2.4-இல் ஏன் இப்படித் தாவுகிறது? அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ படம் பார்த்தால் உங்கள் பிரேம் வரிசையில் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இரைச்சல் கொட்டுகிறது.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பெரிய சிக்கல் புளூடூத். அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில், பல நேரம் ஒரே ஆன்டெனாவில் இருக்கின்றன. இரண்டும் 2.4-இல் இயங்கினால் சிப் நேரத்தைக் கூறு போட்டு மாற்றி மாற்றிக் கொடுக்கும். உங்களிடம் கண்ட்ரோலர், இயர்போன், வைஃபை என மூன்று பேர் அந்த ஒரு ஆன்டெனாவுக்குப் போட்டியிடுகிறார்கள். ஐயம் இருந்தால் புளூடூத்தை முழுவதும் அணைத்துவிட்டு, தொடுதிரையில் ஆடியபடி மேலே சொன்ன சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். உச்ச எண் சட்டென்று இறங்கினால் காரணம் இதுவே.

ஆகவே 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்துத் தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயராக விட்டால் சிக்னல் சற்று இறங்கும்போது போன் தானாக 2.4-க்குப் போய்விடும், ஆட்டத்தின் நடுவில் அது நடந்தால் உங்களுக்குத் தெரியாது. சேனலைத் தானியங்கியில் விடாமல் 36 முதல் 48 வரை உள்ளவற்றில் ஒன்றை வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் வந்ததாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்த சேனலை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் உங்கள் இணைப்பு அறுந்து மீளும்.

சேனல் அகலத்தைப் பற்றி என் கருத்து பலரின் அறிவுரைக்கு மாறானது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேகத்தைக் கூட்டும் என்பது சரிதான். ஆனால் நமக்கு வேண்டியது 20, 25 எம்பிபிஎஸ். நெருக்கமான குடியிருப்பில் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் குறுக்கிடும் அண்டை வீட்டு ரவுட்டர்கள் குறையும், சிக்னலும் சற்றுத் தூரம் தாங்கும். தனி வீடு என்றால் 80 இருக்கட்டும்.

5 ஜிகாஹெர்ட்ஸின் குறை சுவர். ஒரு செங்கல் சுவரைத் தாண்டிப் பெரும்பாலும் சமாளிக்கும், இரண்டு தடித்த சுவரோ கான்கிரீட்டோ வந்தால் திணறும். படுக்கையறையில் ஏதாவது வைஃபை அளக்கும் செயலியைத் திறந்து சிக்னல் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 60 டிபிஎம் அல்லது அதைவிடப் பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 70-க்குக் கீழே போனால் ஆட்டம் குலுங்கும். அப்படியானால் ரிப்பீட்டர் வாங்காதீர்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் காற்றில் வாங்கி மீண்டும் காற்றிலேயே அனுப்புகிறது. சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும் கூடும். கூடத்திலிருந்து படுக்கையறைக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைப்பதே நிலையான தீர்வு. கேபிள் இழுக்க வழியில்லை என்றால் ரவுட்டர் உள்ள அறையில் உட்கார்ந்து ஆடுவதுதான் மிச்சம்.

இதையெல்லாம் செய்த பிறகும் சீரான இடைவெளியில் ஒரு குலுக்கல் வந்தால் அது போன் செய்யும் வேலை. ஆண்ட்ராய்டில் இருப்பிட அமைப்புக்குள் வைஃபை ஸ்கேனிங் என்று ஒன்று இருக்கும். அதற்காக போன் அவ்வப்போது சேனல் சேனலாகப் போய் மோப்பம் பிடித்துவிட்டு வரும். அதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் இதே போன்ற குலுக்கலை ஏர்டிராப் தரலாம். ஆடும்போது அதை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

இனி பிட்ரேட். அதிகபட்சம் வைத்தால் நல்லது என்ற எண்ணம்தான் உங்கள் படம் மங்கித் தெளிவதற்குக் காரணம், கணக்குப் போட்டால் புரியும். 50 எம்பிபிஎஸை 60 பிரேமுக்குப் பிரித்தால் ஒரு பிரேம் சுமார் 104 கிலோபைட், கிட்டத்தட்ட 75 பாக்கெட்டுகள். உங்கள் படுக்கையறை வைஃபை 40 எம்பிபிஎஸ்தான் தாங்கும் என்றால் ஒரு பிரேம் உள்ளே வர 20.8 மில்லிசெகண்ட் ஆகும். அடுத்த பிரேமோ 16.7-இலேயே வாசலில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் 4 மில்லிசெகண்ட் கடன் ஏறி, ஒரே நொடியில் கால் நொடித் தாமதம் சேர்ந்துவிடும். வரிசை நிரம்பியதும் ரவுட்டர் பாக்கெட்டுகளைக் கீழே போடும். அதைக் கண்ட சேவை பயந்து பிட்ரேட்டைச் சட்டென்று இறக்கும், படம் மங்கும். வரிசை வடிந்ததும் மீண்டும் ஏற்றிப் பார்க்கும், படம் தெளியும், மறுபடி முட்டும். நீங்கள் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான்.

வைஃபை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறி 200 எம்பிபிஎஸ் தாங்கினாலும் 50 வேண்டாம் என்பேன். அப்போது குறுகலான இடம் உங்கள் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். அதில் 104 கிலோபைட் நுழைய 8.3 மில்லிசெகண்ட். 20 எம்பிபிஎஸ் வைத்தால் பிரேம் 42 கிலோபைட், நுழைய 3.3 மில்லிசெகண்ட். இது சராசரிப் பிரேமின் கணக்கு. காட்சி சட்டென்று மாறும்போது, வெடிப்பு நடக்கும்போது, ஒரு பிரேம் இரண்டு மூன்று மடங்கு பெருகலாம். 50-இல் அது 25 மில்லிசெகண்டுக்கு, அதாவது ஒன்றரைப் பிரேமுக்கு நீளும். 20-இல் 10-க்குள் அடங்கிவிடும். மிக வேகமாக விரல் அசைய வேண்டிய தருணத்தில்தான் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது.

ஆறரை அங்குலத் திரையில் 1080பி படத்துக்கு 20-க்கும் 50-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் காண்பது அரிது. 20-இல் தொடங்குங்கள். புல்வெளி, மழை, வேகமான கார் ஓட்டம் போன்ற காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 25, பிறகு 30 என ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சேவையின் புள்ளிவிவரப் பட்டையைத் திறந்து பாக்கெட் இழப்பைப் பாருங்கள். இழப்பு பூச்சியத்திலிருந்து நகரத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். படத்தைச் சுருக்கும் முறையான கோடெக்கைத் தேர்ந்தெடுக்க சேவை விட்டால் எச்.264-ஐ விட எச்.265 அல்லது ஏவி1 நல்லது, குறைந்த பிட்டில் அதே தரம் கிடைக்கும். ஆனால் உங்கள் போனில் அதற்கான வன்பொருள் டிகோடர் இருக்க வேண்டும். பட்டையில் டிகோட் நேரம் 10 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் பழைய கோடெக்குக்கே திரும்புங்கள். அரை மணி நேரம் ஆடிய பிறகும் அந்த எண்ணைப் பாருங்கள், சூடேறிய போன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிட்ரேட்டை மாற்றும் ஸ்லைடர் தராத சேவைகளும் உண்டு, அவை தாமாகவே பிட்ரேட்டை முடிவு செய்யும். அங்கே 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குவது அதே பலனைத் தரும். போனின் திரை 120 ஹெர்ட்ஸாக இருந்து, சந்தாவும் அனுமதித்தால் நொடிக்கு 120 பிரேம் எடுங்கள். பிரேமுக்கு இடையிலான நேரம் 8.3 மில்லிசெகண்டாகப் பாதியாகும். அதற்காகப் படத்தின் அளவைக் குறைக்க நேர்ந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒன்று விட்டுப்போகக்கூடாது. நீங்கள் அழுத்தும் பட்டனின் தகவல் வீட்டிலிருந்து சர்வருக்கு, அதாவது மேல்நோக்கிப் போகிறது. வீட்டில் வேறு யாருடைய போனாவது அதே நேரத்தில் புகைப்படங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால், பட்டன் தகவல் அந்தப் புகைப்படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். படம் பளிச்சென்று வரும், ஆள் மட்டும் தாமதமாகக் குதிப்பான். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டராக இருந்தால், இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் வசதியில் கேக் முறையைத் தேர்ந்து, வேக வரம்பை இணைப்பின் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் வையுங்கள். சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. ஏற்றும் வேலையை இரவு நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

கண்ட்ரோலருக்கு வருவோம். போனின் இரு பக்கமும் பற்றிக்கொண்டு டைப்-சி முனையில் நேராகச் செருகும் வகையே என் தேர்வு. பேக்போன் ஒன், ரேசர் கிஷி, கேம்சர் எக்ஸ்2-வின் டைப்-சி பதிப்பு ஆகியவை இந்த வகை. யூஎஸ்பி வழியில் பட்டன் நிலை மில்லிசெகண்ட் கணக்கில் வந்துவிடும், மெதுவான கருவியிலும் 8-ஐத் தாண்டுவது அரிது. புளூடூத் லோ எனர்ஜியில் போனும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் இரண்டு சந்திப்புகளுக்கு இடையே வழக்கமாகக் குறைந்தது 7.5 மில்லிசெகண்ட், நடைமுறையில் போன் அதைவிடக் கூட்டியே வைக்கும். காகிதத்தில் வேறுபாடு சிறியதுதான். ஆனால் புளூடூத் பாக்கெட் காற்றில் தொலைந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டும், நெரிசலான 2.4-இல் அது அடிக்கடி நடக்கும். கம்பியில் இந்தப் பேச்சே இல்லை.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கண்ட்ரோலரின் அடியில் சார்ஜ் ஏற்றும் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும்போது சார்ஜ் போட முடியாது. கேஸோடு போன் பொருந்துமா என்பதும் முக்கியம், டைப்-சி முனை முழுதாக உள்ளே போகாவிட்டால் ஆட்டத்தின் நடுவே தொடர்பு விட்டு விட்டு வரும். ஓப்போ, விவோ, ரியல்மி போன்ற போன்கள் பலவற்றில், டைப்-சி முனையில் கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பை அமைப்பில் போய் இயக்க வேண்டும். கொஞ்ச நேரம் பயன்படாமல் இருந்தால் அதுவே அணைந்தும் விடும். கண்ட்ரோலர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

இப்போதைக்குப் புளூடூத் கண்ட்ரோலரையே வைத்துக்கொள்வதானால், வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸில் வைத்த பிறகு அது ஏற்கத்தக்கதே. ஆனால் புளூடூத் இயர்போனை விட்டுவிடுங்கள். சாதாரண எஸ்பிசி முறையில் ஒலி 150, 200 மில்லிசெகண்ட் பின்தங்கும். துப்பாக்கிச் சத்தம் தாமதமாகக் கேட்டால் பட்டனே தாமதமாக வேலை செய்வதாக மூளை எடுத்துக்கொள்ளும். கம்பி இயர்போன் போதும், துளையுள்ள கண்ட்ரோலராக இருந்தால் அதிலேயே செருகலாம்.

மொத்தத் தாமதத்தை எண்ணாகப் பார்க்க இன்னொரு போன் வேண்டும். அதன் ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 பிரேம் வைத்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். பட்டன் அடித்தட்டைத் தொட்ட பிரேமிலிருந்து ஆள் அசையத் தொடங்கும் பிரேம் வரை எண்ணி 4.17-ஆல் பெருக்கினால் மில்லிசெகண்ட் கிடைக்கும். 24 பிரேம் என்றால் 100. சில போன்கள் 240-ஐ உண்மையில் எடுக்காமல் இடைப் பிரேம்களைத் தாமே வரைந்துகொள்ளும். ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் படம் எடுத்து, இலக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று கரைந்து தெரிகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அழுத்தலை நம்ப வேண்டாம். நீங்கள் அழுத்தும் கணம் விளையாட்டின் பிரேமுக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்பதைப் பொறுத்தே நான்கு பிரேம் வரை கூடிக் குறையும், ஆகவே பத்து அழுத்தலின் சராசரியை எடுங்கள். வீட்டுக் கணினியிலேயே ஓடும் விளையாட்டுகளிலும் 60 முதல் 100 மில்லிசெகண்ட் வரை ஆவது வழக்கம். கிளவுடில் 100 முதல் 130-க்குள் வந்தால் உங்கள் அமைப்பு நன்றாக இருக்கிறது. இப்போது உள்ள நிலையில் ஒருமுறை எண்ணி எழுதி வைத்துவிட்டு, வைஃபை மாற்றிய பின் ஒருமுறை, பிட்ரேட் இறக்கிய பின் ஒருமுறை, கம்பிக் கண்ட்ரோலரோடு ஒருமுறை எண்ணுங்கள். புதிய கண்ட்ரோலருக்குப் பணம் போடலாமா என்பதை மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அது ஏற்கெனவே 120-க்குள் இருந்தால் அவசரம் இல்லை.